உடை மாறலாம், ஆள் மாறக்கூடாது

சுடிதாரில் நிற்கும் அத்தையின் படத்தைக் கொடுத்து, பட்டுப்புடவை கட்டிக் காட்டச் சொல்கிறோம். புடவை பிரமாதமாக வந்துவிடுகிறது. ஆனால் படத்தைப் பார்க்கும் வீட்டார், "நல்லா இருக்கு, ஆனா அத்தை மாதிரி இல்லையே" என்கிறார்கள். ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற படம் வரையும் மென்பொருள்களில் உடை மாற்றிப் பார்க்கும் எல்லோரும் கேட்கும் புகார் இது. தீர்வாக இணையத்தில் சொல்லப்படுவது, முகத்தின் ரெஃபரன்ஸ் படத்தை, அதாவது மாதிரிப் படத்தை, இன்னும் அழுத்தமாகக் கொடுங்கள் என்பதுதான். பெரும்பாலும் அது தேவையில்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

இந்த மென்பொருள்கள் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. முதலில் அதைச் சுருக்குகின்றன. அகலத்தில் எட்டுப் புள்ளி, உயரத்தில் எட்டுப் புள்ளி கொண்ட சதுரம் ஒவ்வொன்றும் சுருங்கி ஒரே கட்டமாகிறது. 1024 புள்ளி அகலப் படம் உள்ளே 128 கட்டங்கள்தான். முழு உருவப் படத்தில் அத்தையின் முகம் 120 புள்ளி அகலம் இருந்தால், மென்பொருளுக்குள் அது 15 கட்டம். ஒரு கண்ணுக்கு மூன்று கட்டம்கூடத் தேறாது. வேலை முடிந்ததும் இதை மறுபடி விரித்துத்தான் நமக்குக் காட்டுகிறது. நாம் முகத்தைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும், சுருக்கி விரித்ததிலேயே கண்ணோரச் சுருக்கமும் மூக்குத்தியின் வடிவமும் கொஞ்சம் குழம்பிவிடும். பழகிய முகத்தில் அந்தக் கொஞ்சமே போதும்.

ஆகவே நம்மிடம் ஏற்கெனவே இருப்பதை மென்பொருளிடம் வரையச் சொல்லவே கூடாது. அத்தையின் முகம் மூலப் படத்தில் இருக்கிறது. முடிவில் அதையே எடுத்து மேலே வைத்துவிடலாம். சில மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. ComfyUI-இல் வேலை செய்பவர்கள் கடைசியில் `ImageCompositeMasked` என்ற கட்டத்தைச் சேர்த்து, உடைப் பகுதியை மட்டும் புதிதிலிருந்தும் மற்றதை மூலத்திலிருந்தும் எடுக்க வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் அடுக்கை Difference என்று மாற்றுங்கள். முகம் இருக்கும் இடம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். முகத்தின் கோடுகள் மங்கலாகத் தெரிந்தால்கூட அங்கே ஏதோ மாறியிருக்கிறது.

அடுத்தது மாஸ்க், அதாவது எந்த இடத்தை மாற்றலாம் என்று நாம் பூசிக் காட்டும் பரப்பு. பழைய சுடிதாரின் ஓரத்தையே ஒட்டிப் பூசினால், வரும் புடவை சுடிதாரின் வடிவிலேயே தைத்ததுபோல் நிற்கும். முந்தானை விழவும் கொசுவம் விரியவும் இடம் விட்டுப் பூச வேண்டும். துப்பட்டாவின் துணுக்கு ஒன்று மாஸ்க்குக்கு வெளியே தப்பினாலும் அந்த நிறம் புடவையோரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். முகம், தலைமுடி, தோளில் விழும் பின்னல், உள்ளங்கைகள் இவற்றைத் தொடக்கூடாது.

இப்போது denoise என்ற அளவு. 0 என்றால் மூலப் படம் அப்படியே. 1 என்றால் மாஸ்க்குக்குள் முற்றிலும் புதிது. ஆள் மாறிவிடுவார் என்று பயந்து பலர் இதை 0.5-இல் வைக்கிறார்கள். அப்போது சுடிதாரின் நிறமும் மடிப்பும் விடாமல் மேலே வந்து, சுடிதாரும் இல்லாமல் புடவையும் இல்லாமல் ஒன்று கிடைக்கும். முகம் மாஸ்க்குக்கு வெளியே பத்திரமாக இருக்கும்போது 0.9-க்கு மேலும் தயங்காமல் போகலாம். தோள் எங்கே, முழங்கை எங்கே என்பது நழுவாமலிருக்க ControlNet-ஐத் துணைக்கு வையுங்கள். அதில் மூட்டுகளை மட்டும் கோட்டுருவமாகக் காட்டும் openpose முறைதான் இங்கே பொருத்தம். ஆழத்தைக் காட்டும் depth முறை பழைய உடையின் உப்பலையும் சேர்த்தே பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாதிரிப் படத்தின் வேலை இங்கேதான் வருகிறது. 2023-இல் வந்த IP-Adapter என்ற இணைப்பு, சொற்களோடு ஒரு படத்தையும் வழிகாட்டியாக ஏற்கிறது. புடவைக்கான மாதிரியாகக் கடை விளம்பரத்தில் ஒரு மாடல் கட்டியிருக்கும் படத்தைக் கொடுத்தால், அந்தப் பெண்ணின் தோள் அகலமும் சரும நிறமும் இடுப்பும் சேர்ந்தே வந்துவிடும். அத்தையின் முகத்துக்குக் கீழே வேறொருத்தியின் உடம்பு. மாதிரியில் தலையையும் கைகளையும் வெட்டிவிட்டுத் துணியை மட்டும் சதுரமாக நறுக்கிக் கொடுங்கள். சதுரம் முக்கியம், ஏனெனில் IP-Adapter மாதிரியை 224 புள்ளிச் சதுரமாக்கித்தான் பார்க்கிறது. நீளப் படமென்றால் மேலும் கீழும் வெட்டுப்படும். அழுத்தத்தை 0.7 அளவில் தொடங்கிக் கூட்டிக் குறைக்கலாம். அந்தச் சிறிய சதுரத்தில் ஜரிகைக் கரையின் யாளியும் உருத்திராட்சமும் தங்காது. அரக்குப் புடவை, அகலக் கரை, பொன் ஜரிகை என்பதுவரை வரும். அதே புடவையாக வராது. விற்கும் புடவையையே காட்ட வேண்டிய கடைக்காரர், துணியின் நுணுக்கத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் IDM-VTON போன்றவற்றை நாட வேண்டும்.

உண்மையில் கடினமான இடம் கை. சுடிதாரின் முழுக்கை மூடியிருந்த முன்னங்கை, துப்பட்டா மறைத்திருந்த கழுத்து, இரண்டும் புடவையில் வெளியே தெரியும். மூலப் படத்தில் அவை இல்லை. மென்பொருள் கற்பனைதான் செய்ய வேண்டும். அதன் கற்பனையில் கைகள் இளமையாக, மெலிந்து, பெரும்பாலும் ஒரு படி வெளுத்து வரும். ஐம்பத்தைந்து வயது முகத்துக்குக் கீழே இருபத்தைந்து வயதுக் கை. பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடாது, "அத்தை இல்லை" என்று மட்டும் தோன்றும். முக மாதிரியை எவ்வளவு அழுத்தினாலும் இது தீராது. IP-Adapter FaceID போன்றவை முகத்தை அடையாளம் காணும் எண்களைத்தான் கடத்துகின்றன. முழங்கையைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. அதே காரணத்தால் முக ஒப்புமை மதிப்பெண்ணையும் இங்கே நம்ப முடியாது. மூல முகத்தையே மேலே வைத்த பிறகு அது எப்போதும் முழு மதிப்பெண்தான் காட்டும்.

முன்னங்கையும் கழுத்தும் தெரியும் அத்தையின் வேறொரு படத்தைத் தேடி எடுப்பதே வழி. அதே மாதிரி வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்தால் நல்லது. கையை நறுக்கி இரண்டாவது மாதிரியாகக் கொடுத்து, அது கைப் பகுதிக்கு மட்டும், புடவை மாதிரி துணிப் பகுதிக்கு மட்டும் என்று தனித்தனி மாஸ்க்கால் எல்லை கட்ட வேண்டும். எல்லை கட்டாவிட்டால் இரண்டும் கலந்து, ரவிக்கையின் நிறம் தோலில் ஏறும். உள்ளங்கையை மாஸ்க்குக்கு வெளியே விட்டதும் இதற்குத்தான். மென்பொருள் அந்தத் தோலைப் பார்த்து அதன் தொடர்ச்சியாக வரையும். முடிந்ததும் தாடையின் கீழ்ப்பகுதியையும் கழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். நிறம் அங்கே ஒரு கோடுபோல் மாறினால், மாஸ்க் ஓரத்தை இன்னும் மென்மையாக்கி அந்த இடத்தை மட்டும் மறுபடி செய்யலாம்.

2025-இல் வந்த FLUX.1 Kontext போன்றவற்றில் மாஸ்க்கே வேண்டாம், "புடவையாக மாற்று" என்று எழுதினால் போதும். வசதிதான், ஆனால் அவை முழுப் படத்தையும் புதிதாக வரைகின்றன. ஒரு தடவை மாற்றியதையே எடுத்து அடுத்த திருத்தம், அதிலிருந்து இன்னொன்று என்று போனால் ஒவ்வொரு சுற்றிலும் முகம் சிறிது விலகும். திருத்தம் எத்தனை இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மூலப் படத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

அந்தக் கைப் படத்தை அத்தையிடமே கேட்டு வாங்குங்கள். அவர் சம்மதமில்லாமல் உடை மாற்றிய படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் யாருக்கும் அனுப்பக்கூடாதது. கேட்கும்போதே முன்னங்கையில் பச்சை குத்தியிருக்கிறாரா, பழைய தழும்பு உண்டா, எந்தக் கையில் என்றும் விசாரித்துக்கொள்ளலாம். அவற்றை எந்த மாதிரியும் சரியாகக் கொண்டுவராது. அந்தப் படத்திலிருந்து கையாலேயே வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.