சொன்னால் எரியும் விளக்கு

‘லைட்டைப் போடு’ என்றால் போன் அதை வைஃபை வழியே இஎஸ்பி32 போர்டுக்கு அனுப்பும். ரிலே ‘டிக்’கென்று ஒட்டும், விளக்கு எரியும். போர்டுப் பக்கம் வெறும் 5 வோல்ட். ரிலேயின் மறுபக்கத் திருகுகளில் 230 வோல்ட்! மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே அங்கே கை வைக்கவேண்டும்.

ரிலே வழியாகப் போகவேண்டியது பேஸ் வயர். தெரியாமல் நியூட்ரலை மாட்டினாலும் விளக்கு ஒழுங்காக எரியும், அணையும், அதுதான் வம்பு. அணைந்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும், பல்பு மாற்றுபவருக்கு ஷாக் அடிக்கும். விளக்கு அணைந்திருக்கையில் ஹோல்டரில் டெஸ்டர் மின்னினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ‘10 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருக்கிறதே என்று கீசரை மாட்டாதீர்கள். சூட்டில் ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், எவ்வளவு கத்தினாலும் அணையாது.