பெருக்கினால் பிடிபடும், பெருக்கினால் தொலையும்

பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவர்கள் அணிகளை மறந்திருக்க மாட்டார்கள். எண்களை நிரை நிரலாக அடுக்கினோம், பெருக்கினோம், அணிக்கோவை கண்டோம். அந்த அடுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு புள்ளியைக் கொடுத்தால் அதை இன்னோர் இடத்துக்கு நகர்த்தித் தருவதுதான் அணியின் வேலை. மேல் நிரையில் 3, 0 என்றும் கீழ் நிரையில் 4, 5 என்றும் எண்கள் உள்ள அணியை எடுத்துக்கொண்டு A என்று பெயர் வைப்போம். இது (x, y) என்ற புள்ளியை (3x, 4x + 5y) என்ற இடத்துக்கு அனுப்பும்.

ஒரு ரப்பர் தாளில் ஆரம் 1 உள்ள வட்டத்தை வரைந்து தாளை இழுத்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும் அல்லவா? வட்டத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் A செய்வதும் அதுதான். அந்த நீள்வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ள மிக நீண்ட தூரமும் மிகக் குறைந்த தூரமும் A-யின் சிங்குலர் மதிப்புகள். அதாவது, இந்த அணி அதிகபட்சம் எத்தனை மடங்கு இழுக்கும், குறைந்தபட்சம் எத்தனை மடங்கு இழுக்கும் என்பதன் அளவு.

இதற்கு ஐகன் மதிப்பு போதாதா என்று தோன்றும். போதாது. ஐகன் மதிப்பு திசை மாறாத புள்ளிகளை மட்டுமே பார்க்கிறது. A-யின் ஐகன் மதிப்புகள் 3, 5. (0, 1) என்ற புள்ளி (0, 5) ஆகிறது. திசை அதே, நீளம் 5 மடங்கு. ஆனால் (1, 1) என்ற புள்ளியை அனுப்பிப் பாருங்கள்: (3, 9) வருகிறது. 1.414 ஆக இருந்த நீளம் 9.487 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 6.708 மடங்கு! திசை திரும்பிவிட்டதால் ஐகன் மதிப்பின் கண்ணில் இது படவே இல்லை. செவ்வக அணிக்கோ ஐகன் மதிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீளத்தை நேரடியாகவே கேட்டுவிடுவோம். A அனுப்பிய புள்ளியின் நீளத்தின் வர்க்கம், பிதாகரஸ் தேற்றப்படி, (3x)² + (4x + 5y)². விரித்தால் 25x² + 40xy + 25y². இந்தக் கெழுக்களை அணியாக அடுக்கினால் மேலே 25, 20. கீழே 20, 25. A-யின் நிரை நிரல் மாற்று அணியான Aᵀ-ஐ இடப்பக்கம் வைத்துப் பெருக்கினால் கிடைக்கும் AᵀA-வும் இதுவேதான். பாடப்புத்தகங்கள் இந்தப் பெருக்கலை எங்கிருந்தோ இறக்கியதுபோல் முன்னால் வைத்துவிடுகின்றன. உண்மையில் நீளம் எவ்வளவு என்று கேட்டவுடன் அது தானாகவே வந்துவிடுகிறது.

AᵀA ஒரு சமச்சீர் அணி. சமச்சீர் அணியின் ஐகன் திசைகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக எடுத்துக்கொள்ளலாம்; நீளத்தின் வர்க்கம் உச்சத்தையும் அடிமட்டத்தையும் தொடுவது அந்தத் திசைகளில்தான். நம் அணியில் (1, 1) திசைக்கு 25 + 20 = 45; (1, −1) திசைக்கு 25 − 20 = 5. இவை AᵀA-யின் ஐகன் மதிப்புகள். இழுப்பின் வர்க்கம்தான் கையில் இருக்கிறது, ஆகவே வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: √45 = 6.708, √5 = 2.236. சிங்குலர் மதிப்புகள் கிடைத்துவிட்டன. நீளத்தின் வர்க்கம் ஒருபோதும் குறை எண்ணாகாது என்பதால் இங்கே வர்க்கமூலம் எடுப்பதில் சிக்கலே வராது. 1873-இல் இத்தாலியின் பெல்ட்ராமியும் 1874-இல் பிரான்சின் ஜோர்டானும் தனித்தனியாக வந்து சேர்ந்த இடம் இது.

மாற்றிப் பெருக்கினால்? AAᵀ வேறோர் அணி: மேலே 9, 12, கீழே 12, 41. ஆனால் இதன் ஐகன் மதிப்புகளும் 45, 5 தான். காரணம் ஒரே வரி. v என்பது AᵀA-யின் ஐகன் திசை என்றால் AᵀAv = 45v. இருபுறமும் A-யால் பெருக்கினால் AAᵀ(Av) = 45(Av). அதாவது Av அந்தப் பக்கத்து ஐகன் திசை. சரிபார்க்கலாம்: (1, 1) போய்ச் சேர்ந்த (3, 9), (1, 3) இருக்கும் அதே திசை. AAᵀ-ஆல் (1, 3)-ஐப் பெருக்கினால் (45, 135). சரியாக 45 மடங்கு.

இந்த ஒரு வரி எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதற்கு 1991-இல் எம்.ஐ.டி.யின் டர்க்கும் பென்ட்லாண்டும் வெளியிட்ட முக அடையாள ஆய்வைப் பார்க்கலாம். ஒரு படத்தில் 256 × 256, அதாவது 65,536 பிக்சல்கள். ஒவ்வொரு படமும் ஒரு நிரல்; 16 படங்கள் என்றால் A-யில் 65,536 நிரைகள், 16 நிரல்கள். முகங்கள் எந்தெந்த வகையில் அதிகம் வேறுபடுகின்றன என்று அறிய AAᵀ-யின் ஐகன் திசைகள் வேண்டும். அந்த அணியிலோ சுமார் 429 கோடி எண்கள். AᵀA-யில் வெறும் 256. சுழியல்லாத ஐகன் மதிப்புகள் இரண்டுக்கும் பொது. பெரிய அணியில் மீதியெல்லாம் சுழி. எனவே சின்னதில் v-யைக் கண்டுபிடித்து, A-யால் ஒரு முறை பெருக்கினால் வேலை முடிந்தது.

இவ்வளவு வசதியான வழியைக் கணினி மென்பொருள்கள் சிங்குலர் மதிப்பு காணப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. வர்க்கம் எடுக்கும்போது பெரியது மேலும் பெரிதாகிறது, சின்னது மேலும் சின்னதாகிறது. கணினியோ ஓர் எண்ணில் ஏறக்குறைய 16 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். 1961-இல் லாய்க்லி இதை அம்பலப்படுத்த ஒரு சிறிய அணியைக் கொடுத்தார். நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import numpy as np
e = 1e-9
A = np.array([[1, 1], [e, 0], [0, e]])
print(np.linalg.svd(A, compute_uv=False))
print(np.linalg.eigvalsh(A.T @ A))
```

இதன் சிங்குலர் மதிப்புகள் 1.41421356, 0.000000001. முதல் `print` இரண்டையும் சரியாகச் சொல்லிவிடும். இரண்டாவதில் சிக்கல். AᵀA-யின் மூலைவிட்டத்தில் 1 + e² இருக்க வேண்டும். e² என்பது 10⁻¹⁸. பதினாறு இலக்கத்துக்கு அப்பால் விழுவதால் கணினி அதை வெறும் 1 என்று எழுதிவிடுகிறது. நான்கு இடங்களிலும் 1 உள்ள அணிக்கு ஐகன் மதிப்புகள் 2, 0. ஐகன் மதிப்பைக் காணும் நிரல் பிறகு எவ்வளவு துல்லியமாக உழைத்தாலும் பயனில்லை, தகவல் பெருக்கலிலேயே தொலைந்துவிட்டது. சில கணினிகளில் 0-வுக்குப் பதில் 10⁻¹⁶ அளவில் ஒரு தூசி வரும். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 10⁻⁸ வரும். பார்க்க நியாயமான விடைபோல இருக்கும், பத்து மடங்கு தவறு. இதுதான் ஆபத்தானது.

1965-இல் கோலுபும் காஹனும் காட்டிய வழி AᵀA-வை உருவாக்குவதே இல்லை. நீளத்தை மாற்றாத பிரதிபலிப்புகளால் A-வை இருபுறமும் பெருக்கிப் பெருக்கி, மூலைவிட்டமும் அதன் பக்கத்து வரிசையும் மட்டும் மிஞ்சும்படி செய்கிறது. நீளம் மாறாததால் சிங்குலர் மதிப்புகளும் மாறுவதில்லை. இன்றைய மென்பொருள்களின் அடித்தளம் அதுவே. (ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த கோலுப் தன் காரின் நம்பர் பிளேட்டிலேயே `PROF SVD` என்று போட்டுக்கொண்டவர்.)

அதற்காக AᵀA வழி தப்பு என்று ஒதுக்க வேண்டியதில்லை. முகப் படங்களில் தேவைப்படுவது பெரிய சில மதிப்புகள் மட்டுமே, அவை பத்திரமாக வந்து சேரும். சின்ன மதிப்பு முக்கியமென்றால்தான் கவனம் வேண்டும். AᵀA வழியே வந்த மதிப்பு, பெரியதில் பத்துக் கோடியில் ஒரு பங்கை நெருங்கினாலே அதை நம்பக் கூடாது. வர்க்கமூலம் எடுக்கும்போது திரையில் `nan` வந்தால், சுழியாகவோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்க வேண்டிய ஐகன் மதிப்பு பிழையால் குறை எண்ணாகிவிட்டது என்று பொருள். அப்போது A-வையே நேராக `svd`-க்குக் கொடுத்துவிட வேண்டும்.