கடைசிச் சொல் கேட்கிறதா?

"இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது" என்று ஒரு மருத்துவர் வீடியோவில் சொல்கிறார். பின்னணியில் வீணை. எடிட்டிங் அறையில் ஹெட்போன் போட்டுக் கேட்டவருக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அடுக்களை மேடையில் செல்போனைச் சாய்த்து வைத்துக் கேட்கும் பெண்ணுக்கோ "சாப்பிட" வரைதான் காதில் விழுகிறது. "கூடாது" இசையில் கரைந்துவிட்டது.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் முடிவில் வரும். இல்லை, வேண்டாம், கூடாது என்ற மறுப்புகளும் அங்கேதான் வரும். பேசுபவரின் குரல் இறங்குவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். எனவே பின்னணி இசை சற்றே கூடினாலும் முதலில் பலியாவது, பொருளையே தீர்மானிக்கும் சொல்.

ஹெட்போனில் கேட்டது போனில் ஏன் கேட்கவில்லை? போனின் ஸ்பீக்கர் மிகச் சிறியது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளை அதனால் பெரிதாக எழுப்ப முடியாது. மிருதங்கத்தின் தொப்பி நாதமும் பேஸ் கிதாரும் ஏறக்குறைய காணாமல் போகும். குரலின் கனமும் அப்படியே. மிஞ்சுவது நடு அலைவரிசைகளும் உச்ச அலைவரிசைகளும். மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் நுட்பமான ஒலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கின்றன. வீணை, வயலின், புல்லாங்குழல் ஆகியவற்றின் பளிச்சென்ற ஒலியும் அங்கேயே வந்து மோதுகிறது. ஹெட்போனில் இசை இரு பக்கமும் விரிந்து, குரல் நடுவில் தனித்து நிற்கும். போனில் இரண்டும் ஒரே சிறு துளையிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். வால்யூமைக் கூட்டிப் பயனில்லை, இசையும் சேர்ந்தே கூடும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? இணையதளங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான WCAG நெறிமுறை 2008-லேயே ஓர் அளவு சொல்லியிருக்கிறது. பேச்சைவிடப் பின்னணி ஒலி குறைந்தது 20 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும். காதுக்கு அது சுமார் நான்கில் ஒரு பங்கு சத்தம். அந்த நெறிமுறையின் மிகக் கடுமையான படியில் உள்ள விதி இது. சினிமாவுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், தகவல் சொல்லும் வீடியோவுக்கு இதைவிட நல்ல தொடக்கப் புள்ளி இல்லை.

மருத்துவரின் வீடியோவையே எடுத்துக்கொள்வோம். Audacity என்ற இலவச மென்பொருளில் Analyze பகுதியில் Contrast என்றொரு கருவி உண்டு. குரலை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தால் -20 டெசிபெல், இசை -14 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது வாங்கி வந்த இசைக் கோப்பு, குரலைவிட 6 டெசிபெல் உரக்க இருக்கிறது. பலர் சறுக்குவது இங்கேதான். இசையை 20 குறைத்துவிட்டேன் என்பார்கள். உண்மையில் கிடைத்த இடைவெளி 14தான். 26 குறைத்திருக்க வேண்டும்.

ஆனால் முழுக்க 26 குறைத்தால், யாரும் பேசாத இடத்திலும் இசை முனகலாகிவிடும். அதனால் இரண்டு படியாகக் குறைப்பது நல்லது. முதலில் இசை முழுவதையும் Amplify மூலம் 14 குறைத்தால் அது -28-க்கு வரும். பிறகு இசை டிராக்குக்கு நேர் கீழே குரல் டிராக்கை வைத்து, இசையைத் தேர்ந்தெடுத்து Auto Duck கொடுக்க வேண்டும். குரல் வரும்போதெல்லாம் அது இசையை மேலும் 12 இறக்கி -40-க்குக் கொண்டுபோகும். பேச்சு நின்றால் இசை தானே எழும். அதில் Maximum pause என்ற அளவை ஒரு விநாடிக்குக் குறைய விடாதீர்கள். விட்டால் பேசுபவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் இசை பொங்கி அடங்கும், கேட்பவருக்குத் தலை வலிக்கும்.

இவ்வளவும் செய்தபின்னும் "கூடாது" அமுங்கலாம், ஏனென்றால் -20 என்பது குரலின் சராசரிதான். வாக்கிய முடிவில் குரல் 8 டெசிபெல் இறங்கினால் அங்கே இடைவெளி 12 ஆகிவிடும். ஆகவே இசையில் கை வைக்கும் முன் குரலைக் கம்ப்ரஸரால் சமப்படுத்த வேண்டும். அதற்கும் அடங்காத சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று டெசிபெல் தூக்கலாம். இசையில் 1,000 முதல் 4,000 வரையிலான பகுதியை ஈக்வலைசரில் மூன்று நான்கு டெசிபெல் தணித்தால், மொத்தச் சத்தம் அதிகம் குறையாமலே குரலுக்கு வழி கிடைக்கும். பாட்டு வரிகள் உள்ள இசையை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். ஒரு பேச்சின் மீது இன்னொரு பேச்சு ஏறினால் எந்த டெசிபெல் கணக்கும் முழுதாகக் காப்பாற்றாது.

கடைசிச் சோதனையை எடிட்டர் செய்யக் கூடாது. வசனம் அவருக்கு மனப்பாடம். காது விட்டதை மனம் நிரப்பிவிடும். வசனத்தைப் படிக்காத ஒருவரிடம், மின்விசிறி ஓடும் அறையில், போனைப் பாதி வால்யூமில் மேசை மீது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சாப்பிடலாமா, கூடாதா என்று அவரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் இசையை இன்னும் 3 டெசிபெல் இறக்கிவிட்டு, வேறொருவரிடம் போனைக் கொடுங்கள்.