‘வேலை அனுமதி உள்ளதா?’ ஜெர்மன் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி

ஜெர்மன் நிறுவனத்தின் இணையதளத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் நிரப்பிய பிறகு ஒரு கேள்வி வரும்: ஜெர்மனியில் வேலை செய்யச் செல்லுபடியாகும் அனுமதி உங்களிடம் உள்ளதா? கோவையிலோ ஓசூரிலோ உட்கார்ந்து விண்ணப்பிக்கும் நம் பொறியாளர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். ‘இல்லை’ என்றால் அப்போதே தள்ளிவிடுவார்கள் என்ற பயம் ஒருபுறம். ‘எனக்குத் தகுதி இருக்கிறதே, விண்ணப்பித்தால் விசா கிடைத்துவிடுமே’ என்ற எண்ணம் மறுபுறம். இரண்டும் சேர்ந்து கையை ‘ஆம்’ பக்கம் இழுக்கின்றன.

அந்தக் கேள்வி தகுதியைப் பற்றியது அல்ல. இன்றைய தேதியில் உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட வேலை விசாவோ, ஜெர்மன் அரசு கொடுத்த தங்கும் உரிம அட்டையோ இருக்கிறதா என்பதைத்தான் அது கேட்கிறது. ப்ளூ கார்டு வாங்கத் தகுதி இருப்பது வேறு, ப்ளூ கார்டு வைத்திருப்பது வேறு. சுற்றுலாவுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவும் வேலை அனுமதி ஆகாது. எனவே இந்தியாவில் இருந்துகொண்டு, கையில் எந்த ஜெர்மன் அனுமதியும் இல்லாமல் விண்ணப்பிப்பவருக்கு ஒரே பதில்தான் உண்டு: இல்லை.

நண்பரின் பெர்லின் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள், விசா விஷயத்தை நேர்காணல் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். இது கெட்ட யோசனை. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் ஜெர்மன் முதலாளி, அவருடைய தங்கும் உரிமத்தைச் சரிபார்த்து அதன் நகலைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். இது சட்டக் கடமை. அனுமதி இல்லாதவரை வேலையில் வைத்தால் 5 லட்சம் யூரோ வரை அபராதம் விதிக்க முடியும். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்போ, போட்ட உடனேயோ உண்மை வெளிவந்தே தீரும். ஏமாற்றிப் பெற்ற ஒப்பந்தத்தை ரத்துசெய்ய ஜெர்மன் சிவில் சட்டத்தின் 123-வது பிரிவு முதலாளிக்கு வழி தருகிறது. மூன்று சுற்று நேர்காணலில் சம்பாதித்த நல்ல பெயர் ஒரே மின்னஞ்சலில் போய்விடும்.

சரி, ‘இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லிவிட்டோம், அதோடு முடிந்ததா? இல்லை. வெறும் ‘இல்லை’யும் பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் நல்ல விண்ணப்பங்கள்கூடக் கழிக்கப்படுகின்றன.

அமெரிக்க, பிரிட்டிஷ் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய நாம், ‘எனக்கு விசா ஸ்பான்சர்ஷிப் வேண்டும்’ என்று ஜெர்மன் விண்ணப்பத்திலும் எழுதிவிடுகிறோம். பிரிட்டனில் வெளிநாட்டுத் திறன் பணியாளரை எடுக்க, நிறுவனம் முன்கூட்டியே அரசிடம் ஸ்பான்சர் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி-க்கு நிறுவனம் மனுப் போட வேண்டும், பெரும்பாலும் குலுக்கலும் உண்டு. ஜெர்மனியில் அப்படிப்பட்ட ஸ்பான்சர் உரிம முறையே இல்லை. விசாவுக்கு விண்ணப்பிப்பவர் பணியாளர்தான். முதலாளி தர வேண்டியவை முக்கியமாக இரண்டு. ஒன்று கையெழுத்திட்ட பணி ஒப்பந்தம். இன்னொன்று Erklärung zum Beschäftigungsverhältnis என்ற படிவம். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், எத்தனை நாள் விடுப்பு என்று முதலாளி நிரப்பிக் கையெழுத்திடுவது.

நூறு, இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு ஜெர்மன் இயந்திரத் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். அலுவலருக்கு இது தெரியாமலே இருக்கலாம். அவர் இதுவரை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து யாரையும் எடுத்திருக்க மாட்டார். ‘ஸ்பான்சர்ஷிப்’ என்ற சொல்லைக் கண்டதும் வழக்கறிஞர் செலவு, மாதக்கணக்கில் அலைச்சல் என்று நினைத்து அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். உங்களிடம் இல்லாததைச் சொல்லும்போதே, அதைப் பெறும் வழியையும் அதில் அவருக்கு உள்ள பங்கையும் இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிட்டால் அந்தப் பயம் குறையும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் ஒரு பெண். பி.இ. மெக்கானிக்கல், வயது 29. ஜெர்மனியில் தொழிற்சாலைப் பம்புகள் செய்யும் ஒரு நிறுவனம் அதே வேலைக்கு ஆள் தேடுகிறது. அவர் தன் நிலையை எழுதும் முன் மூன்று விஷயங்களைத் தானே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது பட்டம். anabin.kmk.org என்ற ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்துக்கு நேரே H+ என்று இருந்தால் அது அங்கீகரிக்கப்பட்டது. அதோடு முடியவில்லை, பட்டமும் ஜெர்மன் பட்டத்துக்குச் சமம் என்று அதே தளத்தில் இருக்க வேண்டும். பலர் முதல் பக்கத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள், பிறகு விசா மையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டம் பட்டியலில் இல்லையென்றால் பான் நகரில் உள்ள இசட்.ஏ.பி. அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், கட்டணம் 208 யூரோ. இது வேலை தேடத் தொடங்கும்போதே செய்ய வேண்டிய காரியம். சலுகைக் கடிதம் வந்த பிறகு ஓடினால் நாள் போய்விடும்.

இரண்டாவது சம்பளம். 2026-ம் ஆண்டுக்கு ப்ளூ கார்டு பெற ஆண்டு மொத்தச் சம்பளம் 50,700 யூரோ இருக்க வேண்டும். பொறியியல் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கு 45,934.20 யூரோ போதும். பிடித்தம் போக வரும் தொகையை வைத்து இதைக் கணக்கிடக் கூடாது. நம் பெண்ணுக்கு நிறுவனம் 48,000 யூரோ தருவதாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொது வரம்புக்குக் கீழே, பற்றாக்குறைத் துறை வரம்புக்கு மேலே. ப்ளூ கார்டு சாத்தியம்தான், ஆனால் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் தேவை. அதே வேலைக்கு ஜெர்மானியருக்குத் தருவதைவிடக் குறைவாகத் தரவில்லை என்பதை அந்த முகமை பார்க்கும். முதலாளி நிரப்பும் அந்தப் படிவம் இதற்குத்தான். சம்பளம் 44,000 என்றால் ப்ளூ கார்டு கிடையாது. அப்போதும் பட்டதாரித் திறன் பணியாளர் விசா என்ற வேறு வழி உண்டு. அதற்கு, 45 வயதைத் தாண்டாதவர்களுக்கு இப்படிக் குறிப்பிட்ட தொகை வரம்பு இல்லை, முகமையின் ஒப்புதல் வேண்டும். இதைத் தெரிந்துவைத்திருப்பவர், சம்பளம் பேசும்போது எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் எது மாறும் என்று அறிந்தே பேசுவார்.

மூன்றாவது தேதி. ‘உடனே சேரத் தயார்’ என்று எழுதுவது நமக்குப் பழகிப்போன வரி. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அது உண்மையல்ல. நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம், விசா வேலை பல வாரம். இவை இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடலாம் என்று தோன்றும், ஆனால் விசா கைக்கு வரும் முன் ராஜினாமா செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எனவே ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதம் என்று சொல்வது நியாயமான கணக்கு. நிறுவனத்துக்கு அவசரம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பணியாளரின் அதிகாரக் கடிதத்தைக் கொண்டு, உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நிறுவனமே விரைவு நடைமுறைக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் 411 யூரோ. அந்த அலுவலகம் முன் ஒப்புதல் கொடுத்துவிட்டால் மூன்று வாரத்துக்குள் விசா நேர்முகத் தேதி, முழு விண்ணப்பம் சேர்ந்த பின் மூன்று வாரத்துக்குள் முடிவு என்பது விதி.

இவ்வளவும் தெரிந்த பிறகு அவர் எழுதவேண்டியது சின்னப் பத்தி. ரெஸ்யூமேயில் பெயருக்குக் கீழே ‘குடியுரிமை: இந்தியா. வசிப்பிடம்: கோவை. ஜெர்மன் தங்கும் உரிமம்: தற்போது இல்லை’ என்று ஒரு வரி. விண்ணப்பக் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய பத்தியில் இந்தப் பொருளில்:

“என்னிடம் தற்போது ஜெர்மன் வேலை அனுமதி இல்லை, விசா பெற வேண்டும். என் பல்கலைக்கழகமும் பட்டமும் அனாபின் தளத்தில் அங்கீகரிக்கப்பட்டுள்ளன, பக்கங்களை இணைத்துள்ளேன். ஆண்டுச் சம்பளம் 45,934.20 யூரோவுக்குக் குறையாமல் இருந்தால் ப்ளூ கார்டு நிபந்தனைகள் நிறைவேறும். உங்களிடமிருந்து எனக்குத் தேவைப்படுவது பணி ஒப்பந்தமும் வேலை விவரப் படிவமும். விசா விண்ணப்பத்தையும் அதன் கட்டணத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்திலிருந்து சுமார் நான்கு மாதத்தில் சேர முடியும்.”

இதில் கெஞ்சலும் இல்லை, மறைப்பும் இல்லை. ‘விசா கண்டிப்பாகக் கிடைக்கும்’ என்று உறுதி கொடுக்கவும் இல்லை. அது தூதரகத்தின் முடிவு, அதைப் பற்றி நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘நிபந்தனைகள் நிறைவேறும்’ என்பதோடு நிற்பதே சரி.

ஏற்கெனவே ஜெர்மனியில் இருப்பவர்களிலும் ஒரு சாராருக்கு இதே குழப்பம் உண்டு. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் வாய்ப்பு அட்டையில் போய் வேலை தேடுபவர்கள்தான் அவர்கள். அந்த அட்டை வாரத்துக்கு 20 மணி நேரப் பகுதிநேர வேலையையும், ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனைப் பணியையும் அனுமதிக்கிறது. முழுநேர வேலைக்கு அது அனுமதி அல்ல. எனவே அவர்கள் ‘ஆம்’ என்று மட்டும் சொன்னால் பொய்யாகும், ‘இல்லை’ என்று மட்டும் சொன்னால் தங்களுக்கே அநியாயம். அட்டையின் பெயர், முடியும் தேதி, 20 மணி நேர வரம்பு, முழுநேரத்துக்கு அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பது ஆகிய நான்கையும் எழுத வேண்டும். போலந்திலோ செக் நாட்டிலோ வேலை அனுமதி வைத்திருப்பவர்களும் அதை ஜெர்மன் அனுமதியாகக் காட்டக் கூடாது.

வெளிப்படையாகச் சொன்னாலும் சில கதவுகள் திறக்காது. அடுத்த மாதமே ஆள் வேண்டும் என்ற வேலைகள் அப்படி. பொறியாளர்களை வேறு நிறுவனங்களுக்கு வாடகைக்கு அனுப்பும் ஒப்பந்தப் பணி நிறுவனங்களின் விளம்பரங்களும் நிறைய வருகின்றன. அவற்றில் சம்பளம் 50,700-க்குக் கீழே இருந்தால் முகமையின் ஒப்புதல் தேவைப்படும், அத்தகைய வேலைக்கு ஒப்புதல் தர சட்டம் இடம் தரவில்லை. இந்த இரண்டு வகையையும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு நேரத்தைச் செலவிடுங்கள்.

இங்கே சொன்ன சம்பள வரம்புகள் 2026-க்கு உரியவை, ஒவ்வொரு ஜனவரியிலும் அவை மாறும். கடிதத்தில் எண்ணை எழுதும் முன் ஜெர்மன் அரசின் make-it-in-germany.com தளத்தில் அந்த ஆண்டின் தொகையைப் பார்த்து எழுதுங்கள்.