டிசம்பர் 20 எங்கிருந்து வந்தது?

சட்டம் படிக்கும் கலை – 9

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவை 2005-இல் திருத்தினார்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே பங்குரிமை உள்ளவள் என்று சொன்ன திருத்தம் அது. நடைமுறைக்கு வந்த நாள் 2005 செப்டம்பர் 9. ஆனால் பிரிவுக்குள் வேறொரு தேதி உட்கார்ந்திருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முடிந்துபோன பாகப்பிரிவினையை இந்தப் பிரிவு தொடாதாம். சட்டம் பிறப்பதற்கு எட்டரை மாதம் முந்தைய ஒரு நாள். ஏன் அந்த நாள்?

என்னிடம் கட்டுரை எழுதிக்கொண்டு வந்த மாணவி ஒருத்தி, "இது தன்னிச்சையாகத் தேர்ந்த தேதி" என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் அப்படித்தான் தோன்றும். அச்சிட்ட சட்டத்தில் அதற்கு விளக்கம் கிடையாது. மசோதாவோடு ஒட்டியிருக்கும் 'நோக்கமும் காரணமும்' என்ற குறிப்புகூடச் சட்டமாகும்போது கழன்று விழுந்துவிடும்.

பழைய மசோதாவை எடுத்து வரச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே விடை இருந்தது. மாநிலங்களவையில் மசோதாவை அறிமுகப்படுத்திய நாள்தான் 2004 டிசம்பர் 20. அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. மசோதாவில் அந்தத் தேதியே இல்லை! 'இந்தச் சட்டம் தொடங்குமுன் நடந்த பிரிவினை' என்றுதான் அதன் 5-வது உட்பிரிவு சொன்னது. இடையில் யாரோ 'தொடங்குமுன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, மசோதா வெளியில் தெரிந்த நாளை வைத்திருக்கிறார்கள்.

மாற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மகள்களுக்குப் பங்கு வரப்போகிறது என்று டிசம்பரில் ஊருக்கே தெரியும். சட்டம் நடைமுறைக்கு வரும் வரை பிள்ளைகளும் அப்பாவும் சேர்ந்து அவசர அவசரமாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். அந்தக் கதவைத்தான் தேதி மூடுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்த ஊகம். கட்டுரையிலும் அப்படியே, இந்த மாற்றத்திலிருந்து நான் இதை உய்த்துணர்கிறேன் என்று எழுதலாம், தப்பில்லை.

மசோதாவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் ஏணிப்படி நிலைக்குழு அறிக்கை. பலர் சட்ட ஆணைய அறிக்கையைப் படிப்பார்கள், அவை விவாதத்தையும் கொஞ்சம் புரட்டுவார்கள், இதை மட்டும் விட்டுவிடுவார்கள். இந்த மசோதா சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போய், 2005 மே மாதம் அறிக்கை வந்தது. குழுவை உறுத்தியது 'பிரிவினை' என்ற சொல். நம் ஊர்ப் பக்கம் எத்தனையோ குடும்பங்களில் பாகப்பிரிவினை என்பது திண்ணையில் பேசி முடிப்பதுதான். மிஞ்சினால் ஒரு கூர்ச்சீட்டு. பதிவு அலுவலகப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். வழக்கு வந்ததும், "நாங்கள் எப்போதோ வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம், தங்கைக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அதனால் பிரிவினை என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்றது குழு. பதிவு செய்த பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணையாகவோ இருக்க வேண்டும். கூடவே, வாய்மொழிப் பிரிவினையை ஏற்பதானால் அதற்கு உரிய சான்று துணை நிற்க வேண்டும் என்றும் சொன்னது. இப்போது சட்டத்தில் உள்ள விளக்கத்தைப் பாருங்கள். பத்திரம் இருக்கிறது, தீர்ப்பாணை இருக்கிறது. வாய்மொழி பற்றிய அந்த மூன்றாவது வரி இல்லை.

கட்டுரைக்கு இந்த விடுபட்ட வரிதான் பொன். நாடாளுமன்றத்தின் முன்னால் ஒரு யோசனை இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது, இன்னொரு துண்டை எடுக்கவில்லை. விளக்கத்தை இறுக்கமாகப் படிக்க வேண்டும் என்று வாதிடுபவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. எதிர்த்தரப்புக்கும் இடம் உண்டு. வரியை விட்டதாலேயே அதை நிராகரித்ததாக ஆகுமா? வரைவாளர் தேவையில்லை என்று விட்டிருக்கலாமே? 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு நிலைக்குழு அறிக்கையையும் எடுத்துப் பார்த்தது. வெறும் வாய்ச் சாட்சியத்தை வைத்து வாய்மொழிப் பிரிவினையை ஏற்க முடியாது. பொது ஆவணங்கள் துணைநின்று, தீர்ப்பாணைக்கு நிகராக நிரூபணமாகும் விதிவிலக்கான வழக்குகளில் மட்டும் ஏற்கலாம் என்றது. நாடாளுமன்றம் எடுக்காமல் விட்ட வரியின் சாயல், தீர்ப்பின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. சரியா தப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. அதுதான் மாணவியின் கட்டுரைக்குத் தலைப்பானது.

சட்ட ஆணைய அறிக்கைக்கு வருகிறேன். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையில் 2000 மே மாதம் வந்த 174-வது அறிக்கை, மகளுக்குப் பங்குரிமை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. உடனே "2005 சட்டம் இந்த அறிக்கையை நிறைவேற்றியது, ஆகவே அறிக்கையின் நோக்கமே சட்டத்தின் நோக்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். அறிக்கையின் கடைசியில் ஆணையமே எழுதிய வரைவு மசோதா ஒன்று இருக்கிறது. அதைப் படித்தவர் இப்படி எழுத மாட்டார். சட்டம் வருமுன்பே திருமணமான மகளுக்குப் பங்குரிமை இல்லை என்கிறது அந்த வரைவு. நமக்குத் தெரிந்த கதைதான். 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தத்திலும் இதே விலக்கு உண்டு. இப்போதுள்ள 6-வது பிரிவில் திருமணம் என்ற பேச்சே கிடையாது. ஆகவே 'திருமணமான மகளுக்கு உரிமை உண்டா' என்ற கேள்விக்கு 174-வது அறிக்கையை மேற்கோள் காட்டினால், சட்டம் கைவிட்ட நிலைப்பாட்டையே சட்டத்தின் நோக்கமாகக் காட்டியதாகிவிடும். அறிக்கையைப் பயன்படுத்தலாம், ஆனால் எதிர்மறையாக: பரிந்துரை இது, சட்டம் இதிலிருந்து விலகியது என்று.

அவை விவாதத்துக்கு நான் தரும் இடம் கொஞ்சம் கம்மி. உறுப்பினர் ஒருவர் ஆவேசமாகப் பேசியதை வைத்து நாடாளுமன்றத்தின் நோக்கத்தை நிறுவிவிட முடியாது. பதஞ்சலி சாஸ்திரி காலத்து உச்ச நீதிமன்றம் 1952-லேயே, அவைப் பேச்சு பேசியவரின் மனதைத்தான் காட்டும் என்று ஒதுக்கி வைத்தது. பிறகு பிடி தளர்ந்தது. 1981-இல் கே.பி. வர்கீஸ் வழக்கில், மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சரின் பேச்சை, எந்தக் கேட்டைக் களைய மசோதா வந்தது என்று அறியப் பார்க்கலாம் என்றார்கள். 2018-இல் கல்பனா மேத்தா வழக்கில் அரசியல் சாசன அமர்வு நிலைக்குழு அறிக்கைக்கும் அதே வாசலைத் திறந்தது. ஆகையால் விவாதத்தில் முதலில் அமைச்சர் மசோதாவை முன்மொழிந்து பேசியதையும், கடைசியில் அவர் அளித்த பதிலையும் படியுங்கள். நடுவில் இருப்பவற்றில், யாராவது திருத்தம் கொண்டுவந்து அது தோற்ற இடம் இருந்தால் மட்டும் நின்று படியுங்கள். தோற்ற திருத்தமும் விடுபட்ட வரிக்குச் சமம்தான்.

மாணவி இரண்டாம் முறை வந்தபோது நான்கு வாசகங்களை ஒரே தாளில் நான்கு கட்டமாக எழுதியிருந்தாள்: ஆணையத்தின் வரைவு, 2004 மசோதா, நிலைக்குழுவின் பரிந்துரை, சட்டம். வேறுபட்ட சொற்களுக்குக் கீழே மட்டும் கோடு. "தன்னிச்சையான தேதி" என்ற வரியை அவளே அடித்திருந்தாள். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று மட்டும் கேட்டாள். "மசோதாவில் இருந்த 'தொடங்குமுன்' சட்டத்தில் 2004 டிசம்பர் 20 ஆனது" என்று எழுதி, அடுத்த வரியில் காரணத்தை உன் ஊகமாகச் சொல் என்றேன்.