வீட்டில் பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? குழந்தைக்குத் தனிப் பாய் போடுங்கள்

"நான் வெளியே போய்தானே பிடிக்கிறேன், குழந்தை முன்னாடி பிடிக்கிறதே இல்லையே!" கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் அப்பாக்கள் அடிக்கடி சொல்லும் பதில் இது. வெளியே போய்ப் பிடிப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவரே இரவில் வந்து குழந்தையை ஒட்டிப் படுத்தால், வெளியே போனதன் பலன் குறைந்துவிடுகிறது. ஏன் என்று பார்ப்போம்.

நல்ல ஆரோக்கியமாக இருந்த குழந்தை, தூக்கத்திலேயே, காரணம் எதுவும் பிடிபடாமல் இறந்துபோவதை மருத்துவர்கள் 'திடீர் சிசு மரணம்' என்கிறார்கள். ஒரு வயதுக்குள் நடப்பது இது. அதிலும் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள், குறிப்பாக 2 முதல் 4 மாதக் குழந்தைகளுக்கு நடக்கின்றன. அரிதாக நடப்பதுதான். ஆனாலும் எந்தச் சூழலில் அதிகம் நடக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. புகையிலையும் ஒரே படுக்கையும் சேரும் இடம் அவற்றில் முக்கியமானது.

தூங்கும் குழந்தையின் முகத்தில் போர்வையோ, பெரியவர் கையோ பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தான் விட்ட காற்றையே அது திரும்ப இழுக்கிறது, பிராணவாயு குறைகிறது. சாதாரணமாக அந்த நொடியில் மூளைத்தண்டு எச்சரிக்கை கொடுக்கும். குழந்தை சிணுங்கும், தலையைத் திருப்பும், வீறிட்டு அழும். நாமும் விழித்துக்கொள்வோம். கர்ப்பத்தில் நிகோட்டின் பட்ட குழந்தைக்கு இந்த விழிப்பு மணி மந்தமாகிவிடுகிறது. அந்தக் குழந்தை அழாது, அம்மாவுக்கும் தெரியாது. அதனால்தான் புகையும் ஒரே படுக்கையும் சேரும்போது, தனித்தனியே இருப்பதைவிட ஆபத்து பல மடங்காகிறது.

கர்ப்ப காலத்தில் அம்மா புகைத்திருந்தால்தான் ஆபத்து மிக அதிகம். நாளுக்கு ஒன்றே ஒன்று என்றாலும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2019இல் காட்டியது. நம்ம ஊரில் பெண்கள் புகைப்பது குறைவு. ஆனால் வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதிலும் இருப்பது நிகோட்டின்தான். அதுவும் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகும். அப்பா மட்டும் புகைத்தாலும் ஆபத்து கூடுகிறது. சட்டை, தலைமுடி, விடும் மூச்சு எல்லாவற்றிலும் புகையின் எச்சம் இருக்கும். ஒட்டிப் படுக்கும் குழந்தை இரவு முழுக்க அதைச் சுவாசிக்கும்.

நியூசிலாந்து கண்ட வழி

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய நாடு நியூசிலாந்து. 1987 முதல் 1990 வரை அங்கே நடந்த பெரிய ஆய்வில், ஒரே படுக்கையில் இறந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் புகைக்கும் அம்மா இருந்தது தெரியவந்தது. அங்குள்ள பூர்வகுடியான மாவோரி மக்களிடம் புகைப்பழக்கம் அதிகம். குழந்தையை அணைத்துப் படுப்பதும் அவர்களின் வழக்கம், நம்மைப் போலவே. "தனி அறையில் தொட்டிலில் போடுங்கள்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

அதனால் வேறு வழி யோசித்தார்கள். அந்த ஊர் நார்ச்செடியின் இலையால் 'வஹாகுரா' என்ற சிறிய கூடைப்படுக்கையைப் பின்னினார்கள். அது பெரியவர் படுக்கையிலேயே இருக்கும். குழந்தை பக்கத்திலேயே தூங்கும், ஆனால் அதற்கென்று தனி இடம், தனிக் காற்று. பிறகு இதே வடிவில் பிளாஸ்டிக் பெட்டிகளும் வந்தன. பாதுகாப்பான தூக்கத்துக்கான இந்த முயற்சிகள் நடந்த 2009 முதல் 2015 வரையிலான காலத்தில், பிறந்து ஒரு வாரம் கடந்த, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு அங்கே 29 சதவீதம் குறைந்தது. அதிகம் குறைந்தது மாவோரி குழந்தைகளிடம்தான்.

நம்ம வீட்டில் எப்படி?

ஒரே அறை உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். தரையில் பஞ்சு மெத்தை, அதில் அப்பா, அம்மா, நடுவில் இரண்டு மாதக் குழந்தை. சுவரோரம் பாட்டி. அப்பாவுக்கு பீடிப் பழக்கம். குழந்தை தலைக்குக் கீழே கடுகுத் தலையணை, மேலே பெரியவர்களின் போர்வை.

முதலில் குழந்தையை நடுவிலிருந்து எடுங்கள். அம்மாவின் மறுபக்கம், கை எட்டும் தூரத்தில் ஒரு கோரைப் பாய் விரித்து, அதன்மேல் மெல்லிய ஜமக்காளத்தைச் சுருக்கமில்லாமல் இறுக்கமாக விரியுங்கள். அழுத்தினால் குழி விழாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் மட்டும் போடாதீர்கள். குழந்தை நகர்ந்து சிக்கிக்கொள்ளும். கடுகுத் தலையணை, பொம்மை, தடித்த போர்வை எதுவும் பாயில் வேண்டாம். அப்பா அம்மாவுக்கு அந்தப் பக்கம் படுக்கட்டும். குழந்தையைத் தூக்கும் முன் கை, வாய் கழுவி, சட்டை மாற்றட்டும்.

ராத்திரி அம்மா எடுத்துப் பால் கொடுத்துவிட்டு, திரும்பப் பாயில் மல்லாக்கப் போட வேண்டும். தாய்ப்பாலே இந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதால், தூரம் கருதி ராத்திரிப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கொடுக்காதீர்கள். அப்படியே தூங்கிவிட்டால், படுக்கையைவிட அது மோசம்.

"மல்லாக்கப் போட்டா கக்கினது தொண்டையில அடைச்சுக்காதா?" என்று பாட்டி கேட்பார். நியாயமான பயம். ஆனால் குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே ஏறிய பால் மறுபடி மூச்சுக்குழாயில் விழ வேண்டுமென்றால் மேல்நோக்கிப் போக வேண்டும். குப்புறப் போட்டால்தான் அது தலைகீழாகிறது. ஒருக்களித்துப் போட்டாலும் குழந்தை எளிதில் குப்புற உருண்டுவிடும்.

சேலைத் தூளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆட்டித் தூங்க வைக்க அதைப் போல வேறில்லை. ஆனால் வளைந்த துணியில் குழந்தையின் தாடை நெஞ்சில் குத்தி மூச்சுப் பாதை மடங்கலாம். துணி முகத்தில் மூடலாம். ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆட்டுங்கள், தூங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள்.

37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, இரண்டரை கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தை என்றால் வீட்டில் யாரும் புகைக்காவிட்டாலும் தனிப் பாய்தான். அப்பாவோ அம்மாவோ மது அருந்திய இரவிலும், தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்ட இரவிலும் அப்படித்தான். குழந்தையின் மூச்சை அலைபேசியில் காட்டும் சாக்ஸ், செயலி எல்லாம் இப்போது விற்கின்றன. அவை இந்த மரணத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல பாய் ஒன்று வாங்கலாம்.

பழக்கத்தை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசிய புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கர்ப்பம் உறுதியான அன்றே அப்பா விட ஆரம்பிப்பது நல்லது, பிரசவத்துக்குள் கணிசமான நாள் கிடைக்கும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது குழந்தை தூங்கும் இடத்தையும் காட்டி, சரியா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104க்கு அழையுங்கள். குழந்தையை எழுப்பினாலும் அசையவில்லை, உதடு நீலமாகிறது என்றால் காரணம் தேடாமல் உடனே 108.