வளர்ச்சி ஹார்மோன் ஊசி: தினசரி மருத்துவமும் கண்காணிப்பும்

வளர்ச்சி ஹார்மோன் என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் புரதம் ஆகும். அது குறைவாகச் சுரக்கும் குழந்தைகளுக்கு, ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட அதே ஹார்மோன் நாள்தோறும் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. 1958 முதல் இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பிகளிலிருந்து எடுக்கப்பட்ட ஹார்மோனே பயன்பட்டு வந்தது. அதன் வழியாக மூளையை அழிக்கும் ஒரு நோய் பரவியது 1985-இல் தெரியவந்ததால் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மரபுப் பொறியியல் முறையில் தயாரான மருந்து வந்தது. இப்போது அளிக்கப்படும் ஊசிகளுக்கு அந்த அபாயம் இல்லை.

தினசரி ஊசி

மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஹார்மோன் குறைபாட்டுக்குப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 35 மைக்ரோகிராம் வரை தரப்படும். தென்காசியில் வசிக்கும் ஒரு சிறுவனைக் கற்பனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவனுக்கு வயது 9, உயரம் 115 செ.மீ., எடை 20 கிலோ. கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்றால் அவனுக்கு நாளொன்றுக்கு 0.6 மில்லிகிராம் தேவை. உடலில் இந்த ஹார்மோன் உறக்கத்தின்போதே மிகுதியாகச் சுரப்பதால், ஊசியும் படுக்கப் போகுமுன் போடப்படுகிறது. தொடை, வயிறு, பிட்டம் ஆகிய இடங்களில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் பேனா போன்ற கருவியால் செலுத்துவார்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் அங்குக் கொழுப்பு கரைந்து பள்ளம் விழும். ஆகவே இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக்கூடாது.

மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். உறைந்தாலும் வெயிலில் கிடந்தாலும் புரதம் கெட்டுவிடும். பல சமயம் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. சீசன் காலத்தில் குற்றாலத்துக்குச் செல்லும் குடும்பங்கள் இங்குதான் ஏமாறுகின்றன. சாரல் அடிக்கும் ஊர் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குளிர் குளிர்சாதனப் பெட்டியின் குளிர் அல்ல. அருவியில் குளித்து வரும்வரை பூட்டிய காருக்குள் பேனாவை விட்டுச் செல்வது தவறு. பனிக்கட்டியோடு ஒட்டி வைத்து உறையவிடுவதும் அதே அளவு தவறு. துணியில் சுற்றி, பனிக்கட்டி நேரடியாகத் தொடாதபடி குளிர்ப்பையில் எடுத்துச் செல்லலாம். தங்கும் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால், உறைபெட்டிக்கு அருகில் அல்லாத தட்டில் வைக்கலாம்.

பலன் தெரிவது எப்படி

மருந்து வேலை செய்கிறதா என்பதை வளர்ச்சி வேகம்தான் காட்டும். சிகிச்சைக்கு முன் ஆண்டுக்கு 4 செ.மீ. வளர்ந்த குழந்தை, முதல் ஆண்டில் 8 முதல் 12 செ.மீ. வரை வளரக்கூடும். அடுத்தடுத்த ஆண்டுகளில் வேகம் மெல்லக் குறைவது இயல்பே.

அளவெடுப்பதில் கவனம் வேண்டும். செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் பட நின்று, அதே கருவியில், முடிந்தால் அதே நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் இருக்கும் உயரம் மாலையில் சற்றுக் குறைந்துவிடும். மூன்று மாத இடைவெளியில் அரை செ.மீ. தவறினால், அதை ஆண்டுக் கணக்காக்கும்போது 2 செ.மீ. தவறாகிவிடும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தாலும், முடிவெடுக்க ஆறு மாதக் கணக்காவது வேண்டும்.

நம் சிறுவன் முதல் ஆண்டில் 9.5 செ.மீ., இரண்டாம் ஆண்டில் 7 செ.மீ. வளர்ந்து 131.5 செ.மீ. ஆனான் என்று கொள்வோம். மூன்றாம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் 2 செ.மீ. மட்டுமே கூடியது. ஆண்டுக் கணக்கில் இது 4 செ.மீ., அதாவது சிகிச்சைக்கு முந்தைய பழைய வேகம். உடனே அளவைக் கூட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: ஊசி உண்மையிலேயே உடலுக்குள் போகிறதா? அவனுக்கு அப்போது நாளொன்றுக்கு 0.75 மில்லிகிராம் எழுதப்பட்டிருந்தது. 10 மில்லிகிராம் குழல் 13 நாட்களுக்கு வரும். ஆறு மாதத்துக்கு 14 குழல்கள் தீர்ந்திருக்க வேண்டும். மருந்துக்கடை ரசீதுகளில் 10 குழல்களே இருந்தன. நான்கில் ஒரு பங்குக்கும் மேலான ஊசிகள் போடப்படவில்லை. பெற்றோரைக் குற்றம் சாட்டாமல் இந்தக் கணக்கை எடுத்து வைத்தால், பரீட்சைக் காலம், வெளியூர்ப் பயணம், பணத் தட்டுப்பாடு என உண்மைக் காரணம் வெளிவரும்.

இரண்டாவது கேள்வி: அளவு எடைக்கு ஏற்றதா? எடை 30 கிலோவாகியிருந்தால் 0.75 மில்லிகிராம் போதாது. கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்ற கணக்கில் 0.9 தேவை.

இங்கு ஐஜிஎஃப்-1 என்னும் இரத்தப் பரிசோதனை உதவும். வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் பெரும்பாலும் கல்லீரல் சுரக்கும் பொருள் அது. அதுவும் குறைந்து, வளர்ச்சியும் குறைந்தால், விட்டுப்போன ஊசி, கெட்ட மருந்து, போதாத அளவு ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். சத்துக் குறைவும் ஐஜிஎஃப்-1-ஐக் குறைக்கும். அது இயல்பாக இருந்தும் குழந்தை வளராவிட்டால் தைராய்டு குறைபாடு, குடல் நோய், முதுகெலும்பு வளைவு போன்றவற்றைத் தேட வேண்டும். வயதுக்குரிய மேல் எல்லையைத் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள்.

பக்க விளைவுகள்

ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, முதல் வாரங்களில் இலேசான தலைவலி, கைகால் வீக்கம் ஆகியவை அடிக்கடி வருபவை. பெரும்பாலும் தானாகச் சரியாகும். இரண்டு அறிகுறிகளை மட்டும் எந்த வீட்டாரும் தள்ளிப்போடக்கூடாது. வாந்தியோடும் பார்வை மங்கலோடும் வரும் கடும் தலைவலி, மண்டைக்குள் அழுத்தம் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். ஊசியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணின் உட்புறத்தைப் பார்த்தால் நிலைமை தெரியும். மற்றொன்று நொண்டி நடப்பது. தொடை எலும்பின் தலை வளர்தட்டிலிருந்து நழுவும்போது இடுப்பில் வலி இல்லாமல் முழங்காலில் மட்டும் வலி தோன்றக்கூடும். விளையாட்டில் அடிபட்டது என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்துவது ஆபத்து. இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இவை தவிர, இரத்தச் சர்க்கரை உயரலாம். மறைந்திருந்த தைராய்டு குறைவு வெளிப்படலாம். ஏற்கெனவே உள்ள முதுகு வளைவு வேகமாகக் கூடலாம். எனவே இவையும் அவ்வப்போது பார்க்கப்படுகின்றன.

எப்போது நிறுத்துவது

எலும்பு நீள்வது அதன் முனையிலுள்ள வளர்தட்டுகளால்தான். அவை மூடிய பிறகு எவ்வளவு மருந்து செலுத்தினாலும் உயரம் கூடாது. தாமதமாகத் தொடங்கினால் இழந்ததை முழுதும் மீட்க முடியாததற்கும் இதுவே காரணம். ஆண்டு வளர்ச்சி 2 முதல் 2.5 செ.மீ.க்குக் கீழே இறங்கும்போது உயரத்துக்கான சிகிச்சை நிறுத்தப்படும். இடக்கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது பெண்களுக்கு 14-ஐயும் ஆண்களுக்கு 16-ஐயும் தாண்டியிருப்பது இதை உறுதிப்படுத்தும்.

நிறுத்தியதும் கோப்பை மூடிவிடக்கூடாது. வளர்ச்சி ஹார்மோன் மட்டும் குறைவாக இருந்து, காரணமும் கண்டறியப்படாத பிள்ளைகளில் பலருக்கு இந்த வயதில் சுரப்பு இயல்பாகவே இருக்கும். ஆகவே குறைந்தது ஒரு மாதம் ஊசி இல்லாமல் இருந்து, ஐஜிஎஃப்-1 அளவும் தேவைப்பட்டால் தூண்டல் பரிசோதனையும் செய்யப்படும். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைத் தாழ்த்திப் பார்க்கும் முறை மருத்துவமனையில், நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே நடக்கும். பிட்யூட்டரியின் பல ஹார்மோன்கள் குறைந்தவர்களுக்கும், மரபணுக் கோளாறு உறுதியானவர்களுக்கும் குறைபாடு பெரும்பாலும் நிலையானது. அவர்களுக்கு மறுபரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது.

குறைபாடு நீடித்தால் ஊசி மீண்டும் தொடங்கும். இம்முறை நோக்கம் உயரம் அல்ல. எலும்பின் உறுதி, தசை, உடல் கொழுப்பு ஆகியவையே. எலும்பு தன் உச்ச வலிமையை அடைவது இருபதுகளில்தான். இந்த அளவு எடையைப் பார்த்து முடிவு செய்யப்படுவதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 0.4 முதல் 0.5 மில்லிகிராமில் தொடங்கி ஐஜிஎஃப்-1-ஐப் பார்த்து மாற்றுவார்கள்.

நடைமுறையில் பல பிள்ளைகள் நழுவிப்போவது இந்த இடத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து தென்காசியிலிருந்து சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ படிக்கப் போகும்போது குழந்தை மருத்துவரின் தொடர்பு அறுந்துவிடும். பெரியவர்களைப் பார்க்கும் புதிய மருத்துவர் முதலில் கேட்பவை நான்கு: ஆரம்பத் தூண்டல் பரிசோதனை முடிவு, மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கை, ஆண்டுவாரி உயர அட்டவணை, கடைசி மருந்தளவு. இவற்றின் நகல்கள் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும்.